கருப்பு பீர் என்றாலே போதை அதிகமா? கானாடுகாத்தான் வீட்டில் நடந்ததை வைத்து ஒரு கேள்வி

முற்றத்துத் தூண்:
போன மாதம் கானாடுகாத்தான் வீட்டுப் படைப்புக்கு எல்லோரும் கூடியிருந்தோம். படைப்பு முடிந்து இரண்டு நாள் கழித்து, ஆண்கள் நாலைந்து பேர் பக்கத்து ஊரில் நண்பர் தோட்டத்தில் உட்கார்ந்தோம். சிங்கப்பூரிலிருந்து வந்த தம்பி கின்னஸ் டிராஃப்ட் கேன் கொஞ்சம் கொண்டுவந்திருந்தான். என் அம்மானுக்கு ஒன்று நீட்டினேன். கிளாஸில் ஊற்றிய நிறத்தைப் பார்த்ததுமே கையை ஆட்டிவிட்டார். "இது தார் மாதிரி இருக்கு, ஒரு கேன்லயே ஆளைத் தள்ளிரும். எனக்கு நம்ம ஊரு லைட் கலரே போதும்" என்றார். அப்புறம் அவர் குடித்தது பொன்னிறத்தில் தண்ணீர் போல் இருக்கும் ஸ்ட்ராங் பீர், 650 மில்லி பாட்டில் இரண்டு. கிளம்பும்போது தோட்டத்துப் படியில் கால் தவறி விழுந்து முழங்கை பெயர்ந்துவிட்டது. இன்னும் கட்டுப் போட்டிருக்கிறார்.

மறுநாள் இரண்டு லேபிளையும் எடுத்துப் பார்த்தேன். கருப்பு கேனில் 4.2 சதவீதம். அவர் குடித்த பாட்டிலில் 8 சதவீதத்துக்கு மிகாமல் என்று இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிறம் அவ்வளவு கருப்பாக இருந்தும் எப்படி இது பாதிதான்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள். அம்மானிடம் காட்ட வேண்டும்.

காப்பிக்கொட்டை:
காரைக்குடியில் முப்பது வருடமாகக் காப்பி வறுத்து அரைத்து விற்கிறேன். பீரைப் பற்றித் தெரியாது, ஆனால் வறுப்பதைப் பற்றித் தெரியும். பச்சைக் கொட்டை ஒரு கிலோ போட்டால், நன்றாகக் கருக்க வறுத்து எடுக்கும்போது எண்ணூறு, எண்ணூற்றைம்பது கிராம்தான் தேறும். ஈரம் போகிறது, கொட்டைக்குள் இருக்கிற சர்க்கரையும் கருகிப் போகிறது. அதனால்தான் கருக்க வறுத்த காப்பி கசக்கும், இனிப்பே இருக்காது. பார்லியும் அப்படித்தானே? சர்க்கரை கருகிவிட்டால் போதைக்கு ஆதாரமே போச்சு. ஆகவே கருப்பு பீரில் எப்போதுமே போதை குறைவுதான் என்பது என் கணக்கு.

கொழும்பு வாசல்:
அண்ணே, "எப்போதுமே" என்று சொல்லாதீர்கள். நான் ஆறு வருடம் கொழும்பில் கணக்கு வேலை பார்த்தேன். அங்கே லயன் ஸ்டவுட் என்று ஒன்று உண்டு. அதுவும் கன்னங்கரேல். லேபிளில் 8.8 சதவீதம். முதல் தடவை தெரியாமல் இரண்டு குடித்துவிட்டு மறுநாள் விடுப்பு எடுத்தேன். அம்மான் பயந்ததில் தப்பே இல்லை என்றுதான் சொல்வேன். நம் பக்கத்து ஆட்கள் பலர் இலங்கை போய் வந்தவர்கள். அவர்கள் பார்த்த கருப்பு பீர் அதுதான்.

பள்ளத்தூர்–சிங்கை:
சொந்த ஊர் பள்ளத்தூர். சிங்கப்பூரில் ஒரு சிறிய பீர் வடிசாலையில் பதினோரு வருடமாக வேலை. இந்தக் கேள்வி என் மேசைக்கு வாரம் ஒருமுறை வரும், அதனால் நிதானமாகவே எழுதுகிறேன்.

காப்பிக்கடை அண்ணன் சொன்னது பாதி சரி. கருக்க வறுத்த பார்லியிலிருந்து ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றக்கூடிய சர்க்கரை மிகக் குறைவாகத்தான் வரும். ஆனால் அவர் ஒன்றை விட்டுவிட்டார். காப்பியில் முழுக் கொட்டையையும் வறுக்கிறோம். பீரில் அப்படி இல்லை. நான் 20 லிட்டர் சாதாரண ஸ்டவுட், அதாவது கருப்பு பீர், போடும் கணக்கைச் சொல்கிறேன், பாருங்கள்.

வெளிர் மால்ட், அதாவது முளைகட்டி லேசாக உலர்த்திய பார்லி, 2 கிலோ 900 கிராம். அவல் போல் தட்டிய பார்லி 400 கிராம். கருக்க வறுத்த பார்லி 300 கிராம். மொத்தம் 3 கிலோ 600. கருப்பு என்று கண்ணில் படுகிற அத்தனையும் அந்த 300 கிராமிலிருந்து வருகிறது, பன்னிரண்டில் ஒரு பங்கு. மிச்சம் பதினொரு பங்கும் பொன்னிற பீரில் போடுகிற மாதிரியான தானியம்தான். ஒரு அண்டா பாலில் ஒரு டம்ளர் டிகாஷன் ஊற்றினால் நிறம் மாறிவிடும், பால் பாலாகவே இருக்கும். அந்த மாதிரி.

இப்போது போதை. ஊறவைத்து வடித்த இனிப்புச் சாறு எவ்வளவு அடர்த்தி, ஈஸ்ட் தின்று முடித்தபின் எவ்வளவு அடர்த்தி என்று ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்ப்போம். பால்காரர் பால்மானி விடுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான். தண்ணீர் 1.000 என்று வைத்தால், மேலே சொன்ன சாறு 1.040 காட்டும். முடிந்தபின் 1.010. இடைப்பட்ட 0.030 தான் ஈஸ்ட் தின்றது. அதை 131 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 4 சதவீதம். இந்தக் கணக்கில் நிறம் எங்கேயாவது வருகிறதா? அந்த 300 கிராம் கருப்பை எடுத்துவிட்டு 250 கிராம் வெளிர் மால்ட் கூடப் போட்டால் அதே 1.040, அதே 4 சதவீதம், ஆனால் நிறம் வைக்கோல் போல இருக்கும்.

கொழும்பு நண்பருக்கு: லயன் ஸ்டவுட் 8.8 என்பது சரி. ஆனால் அது கருப்பாக இருப்பதால் 8.8 இல்லை. தொட்டியில் வெளிர் மால்ட் அளவை ஏற்றியதால் 8.8. அதே வறுத்த பார்லி, அடியில் இருக்கிற சாறு மட்டும் அடர்த்தி. நிறம் ஒரு முடிவு, போதை வேறொரு முடிவு. வடிப்பவர் இரண்டையும் தனித்தனியாக எடுக்கிறார்.

முற்றத்துத் தூண்:
மிக்க நன்றி அண்ணே. இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். 440 மில்லி கருப்பு கேனில் சுத்த ஆல்கஹால் 18 மில்லி சொச்சம். அம்மான் குடித்த 650 மில்லியை 7 சதவீதம் என்றே குறைத்து வைத்தாலும் 45 மில்லி. அவர் இரண்டு குடித்தார், 90. கருப்பு கேன் ஐந்து குடித்திருந்தால்தான் அங்கே போய் நிற்பார். அவர் விழுந்ததற்கு நிறம் காரணமில்லை. பெயரிலேயே ஸ்ட்ராங் என்று எழுதியிருப்பதை அவர் படிக்கவில்லை, வெளிர் நிறத்தை நம்பிவிட்டார்.

ஒரு சந்தேகம். போதை சரி. ஆனால் கனம்? குடித்தபோது நானே உணர்ந்தேன், கருப்பு வாயில் வழவழவென்று, கும்மாயம் போல இருந்தது. பொன்னிறம் தண்ணீர் போல ஓடியது. கனமாகத்தானே இருக்கிறது?

கவுனி அரிசி:
இடையில் புகுந்து கேட்கிறேன். நான் கவுனி அரிசியை வைத்து உணவுப் பொருட்கள் செய்து விற்கிறேன். கவுனியைப் போட்டு பீர் வடித்தால் கருப்பாக வருமா? அப்படி வந்தால் அது லேசான கருப்பு பீர் என்று விற்கலாமா? எத்தனை கிலோ போட வேண்டும்?

பள்ளத்தூர்–சிங்கை:
கவுனி அரிசி நண்பரே, இழையின் கேள்வி அது இல்லை, ஆனால் நல்ல கேள்வி. கவுனியின் கருப்பு வறுத்ததால் வந்ததல்ல, தவிட்டில் இருக்கிற ஆந்தோசயனின் என்ற சாயத்தால். கத்தரிக்காய்த் தோலில் இருப்பதும் அந்த வகைதான். பீர் புளிப்பான திரவம். புளிப்பில் அந்தச் சாயம் சிவப்புப் பக்கம் போகும். கவுனி ஊறவைத்த தண்ணீரில் ஒரு எலுமிச்சை பிழிந்து பாருங்கள், நாவல்பழ நிறத்திலிருந்து ரோஜா நிறத்துக்கு வந்துவிடும். ஆகவே கருப்பு வராது, இளஞ்சிவப்புதான். கருப்பு நிறத்துக்கே இரண்டு மூன்று வழி இருக்கிறது என்பதற்கு இது நல்ல உதாரணம். ஊரில் வீட்டில் வடிப்பது சட்டப்படி முடியாது, அதையும் கவனியுங்கள்.

இனி கனம். இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம், நானும் ஆரம்பத்தில் ஏமாந்தேன்.

நீங்கள் குடித்த கேனை அசைத்தால் உள்ளே ஒரு பந்து உருளும். அதில் நைட்ரஜன் இருக்கிறது. திறந்ததும் பொசுக்கென்று வெளியேறி, மிகமிகச் சின்னக் குமிழ்களை எழுப்பும். சாதாரண பீரில் இருப்பது கார்பன் டை ஆக்சைடு. அது நன்றாகக் கரையும், நாக்கைக் குத்தும், சோடா போல். நைட்ரஜன் கரையவே மறுக்கும், அதனால் குமிழ் சின்னது, நுரை வெண்ணெய் போல நிற்கும். இந்த பீரில் கார்பன் டை ஆக்சைடும் வழக்கமான பீரில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். குத்தல் இல்லாததை வாய் "கெட்டி" என்று எடுத்துக்கொள்கிறது. கின்னஸில் இந்த நைட்ரஜன் முறை 1959இல் வந்தது. கூடவே அந்தத் தட்டிய பார்லி கொஞ்சம் வழவழப்பைத் தரும். ஆக, நீங்கள் உணர்ந்தது பொய்யில்லை. ஆனால் அதற்குக் காரணம் காற்றும் தட்டிய பார்லியும்தான், கருப்பு இல்லை.

சோதிக்க ஒரு வழி. ஒரு கருப்பு கேனை ஊற்றி, நுரையெல்லாம் அடங்கும்வரை ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். அப்புறம் ஒரு வாய் எடுத்தால், ஆறிப்போன கடுங்காப்பியில் தண்ணீர் கலந்த மாதிரி இருக்கும். அவ்வளவு மெலிசு.

இன்னொன்று கண்ணாலேயே பார்க்கலாம். இங்கே பாரில் கேட்டால் செய்து காட்டுவார்கள். கிளாஸில் பாதி வரை ஏல் என்கிற பொன்னிற பீரை ஊற்றுவார்கள். பிறகு ஒரு கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகில் மெல்ல ஸ்டவுட்டை வழியவிடுவார்கள். கருப்பு மேலே நிற்கும், பொன்னிறம் அடியில் கிடக்கும். இரண்டுக்கும் நடுவே கத்தியால் வெட்டின மாதிரி கோடு. கருப்பு உண்மையிலேயே கனமாக இருந்தால் மூழ்கியிருக்க வேண்டுமே? நான் முதன்முதலில் அதைப் பார்த்த ராத்திரி, கிளாஸை விளக்குக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கருப்பின் விளிம்பில் மாதுளை முத்துச் சிவப்பு தெரிந்தது.

காப்பிக்கொட்டை:
தம்பி, இது எனக்கு நன்றாகப் புரிகிறது. திருத்திக்கொள்கிறேன். ஆனால் கனம் எதனால் வருகிறது என்று இன்னும் சொல்லவில்லையே. காற்று ஒன்றுதானா?

பள்ளத்தூர்–சிங்கை:
இல்லை அண்ணே. முக்கியமானது, ஈஸ்ட் தின்னாமல் விட்டுவைத்த மாவுத் துண்டுகள். மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும்போது தானியத்தில் இருக்கிற என்சைம்கள் மாவுச்சத்தை வெட்டுகின்றன. 64, 65 டிகிரியில் பொடிப்பொடியாக வெட்டும், ஈஸ்ட் எல்லாவற்றையும் தின்றுவிடும், பீர் மெலிசாக வரும். 69, 70 டிகிரிக்குப் போனால் பெரிய துண்டுகள் மிஞ்சும். ஈஸ்டுக்கு வாய் கொள்ளாது, அவை பீரிலேயே தங்கிவிடும். அதுதான் நிஜமான கனம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சேர்ந்த இரண்டாம் வருடம், கோடை பீர் ஒன்று போட்டேன். பொன்னிறம், லேசானது. என் வெப்பமானி நாலைந்து டிகிரி குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தது, நான் சரிபார்க்கவில்லை. 66 என்று நினைத்தது உண்மையில் 71. சாறு வழக்கம்போல 1.040தான். ஐந்து நாள் கழித்துப் பார்த்தால் 1.018இல் நின்றுவிட்டது. ஈஸ்ட் சோர்ந்துவிட்டதோ என்று சூடேற்றிப் பார்த்தேன், புது ஈஸ்ட் போட்டுப் பார்த்தேன், அசையவில்லை. அப்போதுதான் பனிக்கட்டித் தண்ணீரில் வெப்பமானியை விட்டுப் பார்த்தேன், பூஜ்யத்துக்குக் கீழே நாலரை காட்டியது. அந்த பீர் 3 சதவீதம்கூட வரவில்லை. ஆனால் குடித்தால் வாயில் கஞ்சி போல நின்றது. வைக்கோல் நிறம், போதை மிகக் குறைவு, கனமோ கனம். ஒரே சாற்றில் கனம் கூடினால் போதை குறையும் என்பதை அந்தத் தொட்டிதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

அம்மான் குடித்த ஸ்ட்ராங் பீர் இதற்கு நேர் எதிர். அந்த வகையில் அரிசியோ சர்க்கரையோ சேர்ப்பது வழக்கம். ஈஸ்ட் கிட்டத்தட்ட அத்தனையையும் தின்றுவிடும், மிச்சமே இருக்காது. அதனால்தான் தண்ணீர் போல ஓடுகிறது. தண்ணீர் போல ஓடுவதால் லேசு என்று நினைத்துக் குடிக்கிறோம். எனக்குக் கவலை தருவது கருப்பு பீர் இல்லை, இதுதான்.

புதுவயல் ஆச்சி:
என் மாமியார் மலாயாவில் பிறந்து வளர்ந்தவர். பிள்ளை பெற்றவர்களுக்குக் கருப்பு பீர் கொடுப்பார்கள், இரும்புச்சத்து இருக்கிறது, ரத்தம் ஊறும், பால் சுரக்கும் என்று சொல்வார். கருப்பு என்றால் சத்து, கருப்பட்டி போல, கருப்பு உளுந்து போல என்று நாங்களும் நம்பினோம். அதுவும் இந்த நிறக் கதைதானா?

பள்ளத்தூர்–சிங்கை:
ஆமாம் ஆச்சி, அதே கதைதான். வறுத்த நிறம் இரும்பு இல்லை. ஒரு கிளாஸில் இருக்கிற இரும்பு சொல்லிக்கொள்கிற அளவே இல்லை, ஒரு பிடி முருங்கைக்கீரை எவ்வளவோ மேல். பால் கொடுக்கிற தாய்க்கு ஆல்கஹால் வேண்டவே வேண்டாம், அது பாலிலும் போகும், பால் சுரப்பையும் குறைக்கும். இங்கிலாந்தில் 1929 முதல் கின்னஸ் உடம்புக்கு நல்லது என்றே விளம்பரம் செய்தார்கள். நிறத்தைப் பார்த்துச் சத்து என்று நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கொழும்பு வாசல்:
எனக்கு ஒன்று இடிக்கிறது. ஸ்டவுட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கே பலமானது என்றுதானே பொருள்? அப்படியானால் பழைய ஆட்கள் சும்மாவா பெயர் வைத்தார்கள்?

பள்ளத்தூர்–சிங்கை:
சும்மா வைக்கவில்லை. அந்தக் காலத்தில் ஸ்டவுட் என்றால் போதை கூடிய பீர், எந்த நிறமானாலும். வெளிர் ஸ்டவுட் கூட இருந்தது. போர்ட்டர் என்ற பழுப்பு பீரின் பலமான வகையை ஸ்டவுட் போர்ட்டர் என்றார்கள், பிறகு பின்பாதி உதிர்ந்துவிட்டது. முதலில் அந்த நிறத்துக்குப் பழுப்பு மால்ட்டை நிறையப் போட வேண்டியிருந்தது. 1817இல் லண்டனில் டேனியல் வீலர் என்பவர் உருளையில் போட்டுச் சுழற்றி மால்ட்டைக் கருக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். காப்பி வறுக்கிற உருளையேதான் அண்ணே. அதற்கப்புறம் முக்கால்வாசிக்கு மேல் வெளிர் மால்ட், கொஞ்சம் கருப்பு என்று மாறியது. நிறமும் பலமும் பிரிந்தது அங்கேதான். பிறகு இரண்டு உலகப் போர்களின் வரியும் தட்டுப்பாடும் பிரிட்டனில் பீரின் பலத்தை இறக்கின. பெயர் மட்டும் பழைய பலத்தோடு நிற்கிறது.

கடையில் வாங்கும்போது நிறத்தை விட்டுவிட்டு சதவீதத்தைப் படியுங்கள். இம்பீரியல், ஃபாரின் எக்ஸ்ட்ரா என்று இருந்தால் எச்சரிக்கை, கின்னஸிலேயே ஃபாரின் எக்ஸ்ட்ரா சில ஊர்களில் 7.5 சதவீதம்கூட வரும். மில்க் ஸ்டவுட் என்றால் பால் சர்க்கரை சேர்த்தது. ஈஸ்டுக்கு அது செரிக்காது, அதனால் போதை நடுத்தரமாக இருந்தும் கனமாக இருக்கும். கனத்தை மட்டும் லேபிள் சொல்லாது, குடித்துத்தான் தெரியும்.

முற்றத்துத் தூண்:
நேற்று ஒரு சோதனை செய்தோம். வெள்ளி டம்ளரில் ஊற்றி, கண்ணைத் துணியால் கட்டி, ஐந்து பேருக்குக் கொடுத்தேன். நீங்கள் சொன்னபடி இரண்டையும் ஒரு மணி நேரம் விட்டு, குமிழ் அடக்கி, ஒரே குளிர்ச்சியில். ஆளுக்கு இரண்டு வாய்தான். மூன்று பேர் பொன்னிறம்தான் கனம் என்றார்கள், தொண்டையில் சூடு தெரிகிறது என்றார்கள். ஆனால் இரண்டு பேர் அப்போதும் கருப்புதான் கனம் என்றார்கள். விழுங்கினபிறகும் நாக்கில் பிடித்து நிற்கிறதாம். இதற்கு என்ன சொல்வீர்கள்?

பள்ளத்தூர்–சிங்கை:
சூடு ஆல்கஹாலுடையது, அதைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். நாக்கில் பிடிப்பது வறுத்ததன் துவர்ப்பு, கடுங்காப்பி குடித்தபின் வாய் காய்வதுபோல. அதைக் கனத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் எங்கள் வடிசாலையிலேயே சண்டை உண்டு. நான் சேர்க்க மாட்டேன். எங்கள் தலைமை வடிப்பாளர் சேர்ப்பார், வாய்க்குத் தெரிகிற எல்லாமே கனம்தான் என்பார். வறுக்கும்போது உண்டாகிற பெரிய மூலக்கூறுகளும் கொஞ்சம் வாயை நிரப்புகின்றன என்று அவர் சொல்வதை என்னால் முழுக்க மறுக்க முடியவில்லை. அந்த 300 கிராம் வறுத்த பார்லி இல்லாமல் ஒன்று, இருந்து ஒன்று, மற்றதெல்லாம் அப்படியே வைத்து இரண்டு தொட்டி போடப் போகிறோம்.

காப்பிக்கொட்டை:
போட்டுவிட்டுக் கட்டாயம் இங்கே எழுதுங்கள் தம்பி. நான் அந்த இரண்டு பேர் பக்கம்தான். கருக்க வறுத்த கொட்டையில் போட்ட டிகாஷனும் லேசாக வறுத்ததில் போட்டதும் ஒரே அளவு தூள், ஒரே தண்ணீர் என்றாலும் வாயில் ஒன்றாக நிற்காது. முப்பது வருடம் குடித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

முற்றத்துத் தூண்:
அம்மானுக்கு இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். கரண்டி முதுகில் ஊற்றும் விஷயத்தை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். கட்டு அவிழ்த்ததும், தம்பி அடுத்த முறை வரும்போது, அதை அவர் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.